மூன்று வரி வித்தியாசம்

"கையை எடு! அந்த பட்டனைத் தொட்டே, விரலை உடைச்சிடுவேன்!"

பூதக்கண்ணாடி அக்கா, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். புயலின் சுண்டுவிரல், புதுக் கணினி நிரலை ஏற்றும் விசைக்கு அரை அங்குலம் மேலே அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐந்து.

"அக்கா, டெஸ்ட் எல்லாம் பச்சை. ஒண்ணுகூட ஃபெயில் ஆகல" என்றான், விரலை மடக்காமலே.

"நான் இன்னும் பார்க்கலையே."

"பேரு மாத்தினதுக்கு எதுக்குக்கா ரிவியூ? என் சின்னப் பொண்ணுகூட இதைச் செஞ்சிடுவா."

"அப்ப அவளையே வேலைக்கு எடுத்திருக்கலாம். சம்பளமும் மிச்சம், சத்தமும் கம்மி. நகரு."

புயல் நகர்ந்தான். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். விசைப்பலகையில் அவன் விரல் ஓடும் வேகத்துக்காக வந்த பெயர் அது. அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் நாற்பத்திரண்டு வயதான அவள் கண் தப்பி ஒரு காற்புள்ளிகூட அந்த அலுவலகத்தை விட்டு வெளியே போனதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒன்றரை அறை. ஏழு மேசை. அதில் இன்று ஆள் இருப்பது இரண்டில். மற்றவர்கள் முதலாளியோடு, இவர்கள் சேவையை வாங்க யோசிக்கும் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். பகல் மூன்று மணிக்கு அந்தப் பெரிய மருத்துவமனையின் குழுவை அழைத்துக்கொண்டு இங்கே வருவதாக ஏற்பாடு.

அவர்கள் செய்யும் வேலை சின்னது, ஆனால் தவறக்கூடாதது. தனியாக இருக்கும் நோயாளிகளுக்கு மருந்து வேளையில் போன் போகும். பதிவு செய்த குரல் ஒன்று பேசும். மாத்திரை போட்டாயிற்று என்றால் ஒன்றை அமுக்க வேண்டும். சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல் என்றால் ஒன்பது. பத்து நிமிடத்துக்குள் ஒன்று வராவிட்டால், நோயாளி கொடுத்திருக்கும் நெருங்கிய ஆளுக்கு அடுத்த போன் போகும். காலை எட்டு, பகல் ஒன்று, இரவு எட்டு. நாலாயிரத்துச் சொச்சம் பேர்.

ஆறு வருடம் முன்னால் இதை முதலில் எழுதியவள் பூதக்கண்ணாடிதான். அன்றைக்கு நோயாளி ஒரே ஒருவர். அவள் அப்பா. நெருங்கிய ஆளும் ஒரே ஒருத்தி. ஆகவே நிரலில் அந்த ஆளுக்கு 'மகள்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிட்டாள். நோயாளிகள் நாலாயிரம் ஆனார்கள். மருமகன், தம்பி, எதிர்வீட்டுக்காரர், சர்ச் பாதிரியார் என்று நெருங்கிய ஆட்களும் பல தினுசு ஆனார்கள். நிரலில் மட்டும் எல்லோரும் 'மகள்'தான்.

மருத்துவமனையின் கணினி ஆள் போன வாரம் நிரலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, ஊர்ல ஆம்பளைப் பிள்ளையே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். முதலாளிக்கு மானம் போயிற்று. இன்றைய ஒரு மணிச் சுற்று புதுப் பெயரில் ஓட வேண்டும், அந்தப் பதிவை மூன்று மணிக்கு அவர்களிடம் காட்ட வேண்டும் என்று உத்தரவு. 'மகள்' என்பது 'துணை' என்று ஆக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போன் அடித்தது. முதலாளி.

"என்னம்மா, மகளுக்குப் பேரு வெச்சு முடிச்சாச்சா?"

"பேரு வெச்சாச்சு சார். காதுல மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் தொட்டில்ல போடுவேன்."

"சீக்கிரம் போடும்மா. இங்க இவங்க என்னை ஆட்டிட்டு இருக்காங்க."

அவள் போனை வைத்தாள். திரையின் மூலையில் எப்போதும் திறந்திருக்கும் சின்ன சன்னல் ஒன்றைத் தன்னையறியாமல் பார்த்தாள். நோயாளி எண் ஒன்று. இன்று காலை எட்டு மணி: 9, 9, 1.

அது அப்பா.

அப்பாவும் அவளும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. சண்டை காரைப் பற்றி. எழுபத்தாறு வயதில் பால் வாங்கப் போன இடத்தில் சுற்றுச்சுவரை இடித்தார் மனிதர். அவள் சாவியை எடுத்து ஒளித்தாள். "எனக்கு நீ அப்பாவா, நான் உனக்கு அப்பாவா? இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று கத்தினார். அவளும் சும்மா இருக்கவில்லை. "மிதிக்கல போங்க" என்று வந்துவிட்டாள். மறுநாளே மனசு கேட்காமல் போன் செய்தாள். அவள் எண்ணைப் பார்த்ததும் கட். அதற்கடுத்த வாரம் அவர் செய்த காரியம்தான் அவளை இன்னமும் குத்துகிறது: நெருங்கிய ஆள் என்ற இடத்தில் அவள் எண்ணை அழிக்கச் சொல்லி, பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் எண்ணைக் கொடுத்துவிட்டார். நாலாயிரம் பேருக்கும் 'மகள்' உண்டு. அப்பாவின் 'மகள்' மட்டும் டீச்சரம்மா.

மெஷின் போனையும் அப்போது எடுத்த வேகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றை அமுக்காதபோதெல்லாம் டீச்சரம்மா கதவைத் தட்டுவாள். அவர் உள்ளேயிருந்தே "போட்டாச்சு, போட்டாச்சு" என்பார். போடவில்லை. மூன்று நாள் இதய மாத்திரை இல்லாமல் சமையலறையில் விழுந்தார். ஐந்து நாள் மருத்துவமனை. அவள் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், அவர் உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு மனிதர் திருந்திவிட்டார். டாக்டர் போட்ட போடு அப்படி என்று டீச்சரம்மா சொன்னாள். அன்றிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. என்ன, காதுதான் மந்தமாகிவிட்டது போல. ஒவ்வொரு தடவையும் ஒன்பதை அமுக்கித் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் ஒன்றை அமுக்குகிறார். அவள் டீச்சரம்மா மூலமாகக் காதுக் கருவிக்காரனை அனுப்பி வைத்தாள். அப்பா அவனைத் தெரு முனை வரைக்கும் விரட்டினாராம்.

அந்த ஒன்றுதான் அவளுக்கு அப்பா. நாளைக்கு மூன்று முறை திரையில் விழும் ஒரு இலக்கம். அது விழுந்தால் அவர் எழுந்து நடமாடுகிறார், மாத்திரை உள்ளே போயிருக்கிறது. அது விழாத நாளை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"சரி, காட்டு" என்றாள்.

புயல் டிஃப்பைத் திறந்தான். நேற்றைய நிரலையும் இன்றைய நிரலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மாறிய வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் பட்டியல். பழைய வரி சிவப்பில், முன்னால் கழித்தல் குறியோடு. அதற்குக் கீழே புது வரி பச்சையில், கூட்டல் குறியோடு.

"ஒன்பது ஃபைல். கழிச்சது அறுபத்து நாலு, கூட்டினது அறுபத்து நாலு. தராசு மாதிரி சரியா நிக்குது பாருங்க."

"தராசு நின்னா பொருள் சரின்னு அர்த்தமா? கல்லையும் வெச்சு நிறுத்தலாம்."

"அதுவும் பார்த்துட்டேன்." அவன் மார்பை நிமிர்த்தினான். "மாத்தறதுக்கு முன்னாடி 'துணை'ங்கற வார்த்தை நம்ம கோட்ல எங்கயுமே இல்லைன்னு தேடிப் பார்த்தேன். அப்புறம் மாத்தினேன். அப்புறம் ஒரு நகல் எடுத்து, அதுல 'துணை' எல்லாத்தையும் திரும்ப 'மகள்' ஆக்கி, பழைய கோட்டோட டிஃப் போட்டேன். என்ன வந்துச்சு தெரியுமா?"

"என்ன?"

"ஒண்ணுமே வரல. சுத்த வெள்ளை. திரும்பிப் போனா புறப்பட்ட இடத்துக்கே வந்துடறோம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு? சாமி வந்து சொல்லணுமா?"

நல்ல சோதனைதான். அவளே ஒரு நிமிடம் அசந்தாள். கை தவறி ஓர் இலக்கத்தைக் கூட்டியிருந்தால், ஓர் அடைப்புக்குறியைத் தின்றிருந்தால், அந்த வெள்ளைத் திரையில் சிவப்பாக வந்து நின்றிருக்கும். வரவில்லை.

வரி வரியாக இறங்கினாள். மகள், துணை. மகள், துணை. வரிக்குள் எந்த வார்த்தை மாறியது என்று மட்டும் காட்டும்படி வைத்தாள். அப்போதும் அதே பாட்டு. இருபதாவது வரிக்குமேல் கண் வழுக்க ஆரம்பித்தது. ஒரே மாதிரி இருக்கும் பட்டியல் தாலாட்டு மாதிரி. ஆபத்து அங்கேதான் படுத்திருக்கும் என்பது பதினெட்டு வருட அனுபவம்.

சட்டென்று நிறுத்தினாள்.

"நீ எப்படி மாத்தின? மொத்தமா தேடி மாத்தினியா?"

"ஆமா. எல்லா ஃபைல்லயும். ஒரே அடி."

"உன் வெள்ளைத் திரை என்ன சொல்லுது தெரியுமா? 'மகள்'ங்கற வார்த்தையைத் தவிர வேற எதுவும் மாறலைன்னு சொல்லுது. அது நிஜம். ஆனா மாறின ஒவ்வொரு 'மகளும்' மாற வேண்டியவதானான்னு அது சொல்லல. தப்பான இடத்துல மாத்தியிருந்தாலும், திருப்பும்போது அதுவும் சேர்ந்து திரும்பி வந்துடும். வெள்ளையாத்தான் இருக்கும்."

புயல் திரைக்கு அருகே குனிந்தான். மணி பன்னிரண்டு இருபத்தொன்று.

"இப்ப பாரு." அவள் பழைய நிரலிலிருந்து தனியாக ஒரு கிளை, அதாவது மாற்றிப் பார்க்க ஒரு நகல், எடுத்தாள். அதில் அவள் வார்த்தையைத் தேடவில்லை. நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் கருவியிடம், இந்தப் பெயர் எங்கே பிறந்தது என்று காட்டி, பிறந்த இடத்திலிருந்து அது போய்வரும் இடங்களில் மட்டும் மாற்று என்றாள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்தை அது தொடாது. குறிப்பு வரிகளைத் தொடாது. அது பெயரை மட்டும்தான் பெயர் என்று நினைக்கும்.

அறுபத்தொரு வரி என்றது கருவி.

"அறுபத்தொண்ணா?" புயலின் குரல் ஒரு படி இறங்கியது.

"உன்னோடது அறுபத்து நாலு. இப்ப உன் கிளைக்கும் என் கிளைக்கும் டிஃப் போடுவோம். அறுபத்து நாலை வாசிச்சுத் தூங்கறதுக்குப் பதிலா, வித்தியாசத்தை மட்டும் வாசிப்போம்."

மூன்று வரி வந்தது.

முதல் வரி குறிப்பு. 'மகள் எடுக்காவிட்டால் மீண்டும் ஒரு முறை அழைக்கவும்' என்று என்றைக்கோ அவள் எழுதி வைத்தது. அது 'துணை எடுக்காவிட்டால்' ஆகியிருந்தது. ஆகட்டும், நல்லதுதான். இரண்டாவது, பதிவேட்டில் எழுதும் ஒரு செய்தி. அதுவும் மாற வேண்டியதே.

மூன்றாவது வரியில் அவள் கண் நின்றது.

குரலைத் தேர்ந்தெடுக்கும் கோப்பு. மேற்கோள் குறிக்குள் ஓர் ஒலிக்கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி. 'குரல், மகள், 1' என்று இருந்தது, 'குரல், துணை, 1' என்று ஆகியிருந்தது.

"இது பேரு இல்ல" என்றாள் மெதுவாக. "இது விலாசம். குரல் ஃபைல் எல்லாம் கோட்டோட கிடையாது, தனி சேமிப்புல இருக்கு. அங்க போர்டு மாத்தாம நீ இங்க விலாசத்தை மாத்திட்டே. இல்லாத வீட்டுக்குக் கடுதாசி போகும்."

சேமிப்பைத் திறந்தாள். 'மகள்' என்ற கோப்புறை இருந்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு, பதினொரு விநாடி நீளம். 'துணை' என்ற கோப்புறை இல்லவே இல்லை.

"ஃபைல் கிடைக்கலைன்னா கோட் என்ன பண்ணும்?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அடுத்த இரண்டு வரிகளைப் படித்தாள். கிடைக்காவிட்டால் எல்லோருக்கும் போகும் பொதுக் குரலை எடுத்துக்கொள்ளும். பிழை என்று கத்தாது. சோதனையில் சிவப்பு வராது. எல்லாம் பச்சையாகவே இருக்கும். யாரோ ஒருவர் காதில் மட்டும் வேறு குரல் விழும்.

யாரோ ஒருவர்.

அதற்கு மேல் வரியை அப்போதுதான் பார்த்தாள். நோயாளி எண் ஒன்று என்றால் மட்டும்.

அவள் திரையில் அந்த எண்ணைத் தொட்டாள். "இது எங்க அப்பா."

திரும்பினாள். எப்போதும் வாயில் ரயில் ஓட்டுகிறவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்த வரி எப்ப வந்துது? நான் பார்த்ததே இல்லையே. நான் பார்க்காம இங்க எப்படி ஒரு வரி வரும்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நேற்றைய நிரலில் அந்த வரியின் சரித்திரத்தைக் கேட்டாள். யார் எழுதியது, எந்த நாளில் எழுதியது என்று வரிக்கு வரி சொல்லிவிடும் அது. சொன்னது. எழுதியவன் புயல். ஒன்றரை வருடத்துக்கு முன்னால். பார்த்து ஒப்புதல் தந்தவர் முதலாளி. கூடவே ஒரு வரிக் காரணம்: 'ஒருவருக்கு மட்டும்.'

தேதியைப் பார்த்தாள். அவள் லீவில் இருந்த வாரம். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த வாரம்.

"என்னடா இது?"

"அக்கா..."

"எங்க அப்பாவுக்கு வர்ற போன்ல, எனக்குத் தெரியாம நீயும் முதலாளியும் என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"தப்பா ஒண்ணும் செய்யலக்கா. என் பொண்ணுங்க மேல சத்தியமா."

"அதைக் கேட்கல நான். ஃபைல்ல என்ன இருக்கு?" அவள் கை ஒலிக்கோப்பின் மேல் போயிற்று. புயல் பாய்ந்து வந்து மௌஸைப் பிடுங்கிக்கொண்டான். ஐந்து வருடத்தில் அவன் அவளிடமிருந்து எதையும் பிடுங்கியதில்லை. பேனாவைக்கூடக் கேட்டுத்தான் வாங்குவான்.

"ஒரு மணிக்கு அப்புறம் கேளுங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன். இப்ப கேட்டீங்கன்னா அந்த வரியையே எடுத்துடுவீங்க. உங்களை எனக்குத் தெரியும். எடுத்தீங்கன்னா அவர் போனைக் கட் பண்ணிடுவார். பொதுக் குரல் கேட்டா வெச்சிடுவார்க்கா. அன்னிக்கு மூணு நாள் அப்படித்தானே வெச்சார்?"

"டாக்டர் திட்டினதுல திருந்திட்டார்னு..."

"டாக்டர் எங்க திட்டினார்? இந்த வரி போட்ட மறுநாள்லேர்ந்துதான் ஒண்ணு விழ ஆரம்பிச்சுது. பதிவைப் பாருங்க."

பார்த்தாள். நாள் தப்பவில்லை.

பன்னிரண்டு முப்பத்தாறு. கீழே கண்ணாடிக் கடையில் யாரோ ஒரு சட்டத்தைக் கீழே போட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பூதக்கண்ணாடி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறான். வாழ்நாளில் செய்யாத காரியம். எந்தக் குரலை வைத்து அப்பாவை ஏமாற்றியிருக்கிறார்கள்? அம்மாவின் பழைய பதிவு எதையாவது தேடிப் பிடித்தார்களா? அப்படி இருந்தால் இவனை மன்னிக்க முடியுமா?

பிறகு தொழில்காரி விழித்துக்கொண்டாள்.

"சரி. ஒண்ணு கேளு" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இன்னிக்கு நமக்குக் கொடுத்த வேலை பேரை மாத்தறது. பேரை மாத்தினா, நேத்து நடந்தது இன்னிக்கும் அப்படியே நடக்கணும். ஒரு மயிரிழை மாறக்கூடாது. அந்த வரி நல்லதா கெட்டதாங்கறது வேற வழக்கு. அதை வேற நாள், தனி மாத்தமா வெச்சு விசாரிச்சுக்கலாம். இன்னிக்கு அந்த விலாசம் நேத்து இருந்த மாதிரி இருக்கணும். அவ்வளவுதான். மௌஸைக் குடு."

புயல் கொடுத்தான். மூக்கை உறிஞ்சினான்.

"அழாதே. உன் பெரிய பொண்ணு பார்த்தா கிண்டல் பண்ணுவா."

"தூசிக்கா."

"ஆமா, இந்த ரூம்ல எனக்குத் தெரியாம தூசி வேற."

அந்த ஒற்றை வரியை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். மறுபடி பழைய நிரலோடு டிஃப்: அறுபத்து மூன்று கழித்தல், அறுபத்து மூன்று கூட்டல். கருவி செய்த கிளையோடு டிஃப்: இரண்டே வரி. குறிப்பு ஒன்று, பதிவேட்டுச் செய்தி ஒன்று. இரண்டையும் விரலால் தொட்டு, வாய்விட்டுப் படித்தாள். குரல் கோப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதாவது, நேற்று இருந்தபடி இருக்கிறது.

சோதனைகள் ஓட ஆறு நிமிடம் ஆயிற்று. ஆறு நிமிடமும் அந்த ஒலிக்கோப்பு திரையின் ஓரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சொடுக்கு போதும். அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இவ்வளவு நல்லவங்களா நீங்க?" என்றான் புயல்.

"வாயை மூடு. நம்பறேன்னு சொன்னா நம்பறேன். ஆனா ஒரு மணி தாண்டி ஒரு நிமிஷம்கூட நம்ப மாட்டேன்."

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குப் பச்சை. ஒப்புதல் தந்தாள். "இப்ப அமுக்கு அந்த பட்டனை" என்றாள். புயலின் சுண்டுவிரல், பாவம், முக்கால் மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு இறங்கியது. ஐம்பத்தேழுக்குப் புது நிரல் ஏறி உட்கார்ந்தது.

ஒரு மணி.

பதிவுகள் மளமளவென்று ஓட ஆரம்பித்தன. நாலாயிரம் வீடுகளில் போன் அடித்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று திரை நிறைந்தது. புயல் அதைப் பார்க்கவில்லை; அவளும் பார்க்கவில்லை. இருவர் கண்ணும் மூலையில் இருந்த சின்னச் சன்னலில்.

அழைக்கிறது.

எடுத்தார்.

அவள் விநாடிகளை விரல்விட்டு எண்ணினாள். மூன்று விநாடி. வைக்கவில்லை. எட்டு விநாடி. வைக்கவில்லை. பதினொன்று.

9.

மறுபடி ஓடியது. மறுபடி பதினொரு விநாடி.

9.

"இன்னிக்கும் ரெண்டு தடவை" என்றாள். "காது சுத்தமாப் போச்சு அவருக்கு."

புயல் திரையைக் காட்டினான்.

9.

"மூணாவது தடவையா?"

பிறகு, யாரோ மனசே இல்லாமல் கதவைச் சாத்துவதுபோல மெதுவாக, அந்த இலக்கம் விழுந்தது.

1.

பூதக்கண்ணாடி மேசையில் நெற்றியை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை மட்டும் நீட்டினாள். "குடு."

புயல் ஹெட்போனை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, அவள் கையில் வைத்தான்.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரி வராந்தாலேர்ந்து எனக்கு போன் பண்ணி அழுதீங்க. ஞாபகம் இருக்கா? எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. பழைய பேக்கப்பை எல்லாம் நோண்டினேன். இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச முதல் நாள் டெஸ்ட்டுக்குப் பதிவு பண்ணினது ஒண்ணு கிடைச்சுது. முதலாளிகிட்டக் காட்டினேன். கேட்டுட்டு, 'போடுடா, அவகிட்டச் சொல்லாதே, சொன்னா ரோஷத்துல எடுக்கச் சொல்லிடுவா'ன்னாரு. காது மந்தமெல்லாம் இல்லக்கா அவருக்கு. டீச்சரம்மாகிட்ட கேளுங்க, அடுத்த தெருவுல பால் வண்டி மணி அடிச்சா இங்க சொல்றாராம்."

"அப்ப எதுக்கு ஒன்பதை அமுக்கறார்?"

அவளுக்காகப் புயலே குனிந்து ஒலிக்கோப்பைச் சொடுக்கினான்; பிறகு சன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு பெண், எந்தச் சண்டையும் போட்டிராத, எந்தச் சாவியையும் ஒளித்திராத ஒருத்தி, அவள் காதுக்குள் பேசினாள்:

"அப்பா, நான்தான். மாத்திரை போட்டாச்சா? போட்டிருந்தா ஒண்ணை அமுக்குங்க. என் குரலை மறுபடி கேக்கணும்னா ஒன்பது."